கசியும் தொட்டி: அம்மாபேட்டை நாட்குறிப்பு

மார்ச் 2, 2025

மாடிப்படிச் சுவர் ஊறி, சுண்ணாம்பு கைபட்டாலே உதிர்கிறது. மேலே காங்கிரீட் தொட்டியின் மேற்குச் சுவரில் உப்பு பூத்து, வெள்ளை வெள்ளையாக வழிந்து நிற்கிறது. போன வருடம் ஒருவர் வந்து சிமெண்ட் பாலில் ஏதோ திரவத்தைக் கலந்து உள்ளே அடித்துவிட்டுப் போனார். மூன்றாம் மாதமே மறுபடியும் ஒழுகியது. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் இந்த முறை யாரையும் கூப்பிடுவதில்லை.

தொட்டியை நிரப்பி, மிதவை வால்வைக் கயிற்றால் தூக்கிக் கட்டி, வெளியேறும் குழாயின் வால்வையும் மூடினேன். ஒரு வாளித் தண்ணீரையும் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். ஆவியாகிப் போவது எவ்வளவு என்பதை அது சொல்லும். தொட்டியின் உள்ளளவு இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர். ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் மூன்று லிட்டர் போயிற்று என்று கணக்கு.

மார்ச் 5

மூன்று இரவு, மூன்று மட்டத்தில் சோதனை. 100 செ.மீ. தண்ணீர் இருந்தபோது பன்னிரண்டு மணி நேரத்தில் 6 செ.மீ. இறங்கியது, அதாவது 180 லிட்டர். 70 செ.மீ. இருந்தபோது 4. 35 செ.மீ. வரை குறைத்து வைத்த இரவில் ஒன்றே ஒன்று. வாளியில் மாற்றம் இல்லை. ஆக, பெரிய ஓட்டை 35 செ.மீ.க்கு மேலே இருக்கிறது, சிறியது கீழே. உள்ளே இறங்கிப் பார்த்தால் மேற்குச் சுவரில் நெட்டாக ஒரு விரிசல். அதன் கீழ்முனை சரியாக 40 செ.மீ. உயரத்தில் நின்றது. கீழ்க் கசிவு, தளமும் சுவரும் சேரும் மூலையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மார்ச் 8

கொத்தனார் வந்தார். முதல் வேலை, உள்ளே இருந்த பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுப்பது. அவருக்கு அதில் இஷ்டமில்லை. "பூச்சு நல்லாத்தானே இருக்கிறது, அதன் மேலேயே அடித்துவிடலாமே சார்" என்றார். சுத்தியலால் தட்டிக் காட்டினேன். பாதி இடத்தில் பானையைத் தட்டியதுபோல் ஒலித்தது. நாங்கள் பூசப்போவது படிக வகைப் பூச்சு. அதிலுள்ள வேதிப்பொருள் ஈரத்தோடு காங்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் போய், அங்கே படிகமாக வளர்ந்து வழியை அடைக்கிறது. பெயிண்ட்டும் பழைய பூச்சும் நடுவில் நின்றால் அது காங்கிரீட்டைத் தொடவே தொடாது.

விரிசலின் வாயை ஓர் அங்குல அகலம், ஓர் அங்குல ஆழத்துக்கு உளியால் வெட்டினோம். கொத்தனார் பழக்கத்தில் 'வி' போலச் சரித்து வெட்டத் தொடங்கினார். அப்படி வெட்டினால் அடைப்பு ஆப்பு மாதிரி வெளியே வந்துவிடும் என்று சொல்லி, பக்கங்களை நேராக வெட்டச் செய்தேன். மூலை நெடுகவும் இதே பள்ளம்தான். நாள் முழுவதும் உளிச் சத்தம். பக்கத்து வீட்டு அக்கா மூன்று முறை எட்டிப் பார்த்தார்.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து சுவருக்குத் தண்ணீர் அடித்து ஊற வைத்தோம். ஊறியிருக்க வேண்டும், ஆனால் மேலே நீர் மினுங்கக் கூடாது. பள்ளத்தில் முதலில் குழம்பாகக் கரைத்த படிகப் பூச்சுப் பொடியைத் தடவி, பிறகு ஆறு பங்கு பொடிக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்த கெட்டிக் கலவையைக் கட்டையால் இடித்து நிரப்பினோம். கையில் பிடித்தால் புட்டு மாவுபோல உருண்டு நிற்க வேண்டும், அதுதான் பதம்.

பூச்சுக்கு ஐந்து பங்கு பொடி, இரண்டு பங்கு தண்ணீர். தளமும் சுவர்களும் சேர்ந்து சுமார் 11.4 சதுர மீட்டர். ஒரு முறை பூசச் சதுர மீட்டருக்கு 800 கிராம், இரண்டு முறைக்கு 18 கிலோ சொச்சம். பள்ளத்துக்கு வேண்டியது தனி. கரைத்ததை இருபது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் ஊற்றி மறுபடி கலக்கக் கூடாது என்று இரண்டு தடவை தடுக்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்தவருக்குக் கையுறை, முகமூடி. மூடியைத் திறந்து வைத்து, வெளியே எப்போதும் ஓர் ஆள்.

மார்ச் 12

என் தப்பு. உள்ளே காற்றோட்டம் வேண்டும் என்று படித்துவிட்டு மின்விசிறியை மேற்குச் சுவரைப் பார்த்து வைத்திருந்தேன். சேலத்து வெயிலும் அதுவுமாகச் சேர்ந்து பூச்சைக் காயவைத்துவிட்டன. இன்று விரலால் தேய்த்தேன். திருநீறு மாதிரி வந்தது. ஈரம் இல்லாமல் போனால் படிகம் எதைக் கொண்டு வளரும்? அந்தச் சுவரை மட்டும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, நனைத்து, மறுபடி பூசினோம். நாளை இரண்டாவது கோட். இனி விசிறி வாயிலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். சுவரில் ஈரச் சாக்கு. நாளுக்கு ஐந்து முறை தெளிப்பான்.

மார்ச் 29

மூன்று நாள் ஈரம், பிறகு பன்னிரண்டு நாள் சும்மா விட்டது, எல்லாம் முடிந்து நேற்று 33 செ.மீ. மட்டும் நிரப்பினேன். ஒரே மூச்சில் நிரப்பாததற்கு இன்று பலன் கிடைத்தது. தளத்துக்கு இரண்டு அங்குலம் மேலே சுவரைத் துளைத்து வெளியேறும் பிவிசி குழாய். அதைச் சுற்றிப் பிறை வடிவில் ஈரம், அடியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் இரவின் அந்த 30 லிட்டருக்கு மூலைதான் காரணம் என்று நினைத்தேனே, அதில் குழாய்க்கும் பங்கு இருந்திருக்கிறது. படிகம் சிமெண்டுக்குள்தான் வளரும், பிளாஸ்டிக்கோடு ஒட்டாது. குழாய் வெயிலில் நீண்டு சுருங்கும்போது அந்த மயிரிழை இடைவெளி திறந்துகொண்டே இருக்கும்.

ஏப்ரல் 1

தொட்டியைக் காலி செய்து காயவைத்தோம். குழாயைச் சுற்றி விரல் அகலத்துக்குப் பள்ளம் வெட்டி, குழாயை உப்புத்தாளால் தேய்த்து, குடிநீருக்கு ஏற்ற பாலியூரித்தேன் பசையை நிரப்பியாயிற்று. மற்றதெல்லாம் ஈரம் கேட்டது, இது மட்டும் முழுதாகக் காய்ந்த இடம் கேட்கிறது. ஒரு வாரம் தொடாமல் விட வேண்டும். அதுவரை மாடியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் தொட்டி. மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் குடம் குடமாகப் பிடிக்கிற பழைய காலம் திரும்பிவிட்டது.

ஏப்ரல் 13

9, 10, 11 தேதிகளில் மூன்று தவணையாக நிரப்பினேன். குழாய்ப் பக்கம் உலர்ந்திருக்கிறது. ஆனால் மேற்குச் சுவரின் வெளிப்புறத்தில், பழைய விரிசல் இருந்த இடத்தில், நனைந்த நூல் ஒட்டியதுபோல் ஒரு கறுப்புக் கோடு. கொத்தனார் முகம் வாடிவிட்டது. சொட்டவில்லை, வழியவில்லை, அதனால் கைவைக்க வேண்டாம் என்றேன். தண்ணீர்த் தொட்டிகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3370 இதற்கு இடம் கொடுக்கிறது: நிரப்பிய பிறகு ஏழு நாள் காங்கிரீட் உறிஞ்சிக்கொள்ள விட வேண்டும், அடுத்த ஏழு நாள் வெளிச்சுவர் உலர்ந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 18

கோடு வெளிறி, பென்சில் கோடு அளவுக்கு வெள்ளை உப்பாக நிற்கிறது. தொட்டால் ஈரம் இல்லை. விரிசல் 0.4 மி.மீ.க்குள் இருந்து, நகராமலும் இருந்தால் படிகம் தானே அடைத்துக்கொள்ளும் என்பார்கள். நான் பார்த்தபோது விசிட்டிங் கார்டின் ஓரம்தான் நுழைந்தது. இன்றிலிருந்து அடுத்த ஏழு நாள்.

ஏப்ரல் 25

ஏழு நாளில் இறங்கியது 2 மி.மீ. வாளியிலும் அதே 2 மி.மீ. சுவரடியில் விரித்த செய்தித்தாள் சுருங்கவில்லை. நேற்று சேர்வராயன் பக்கம் மேகம் திரண்டபோது கொஞ்சம் பயம்தான். மழை பெய்திருந்தால் வெளிச்சுவரைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாமல் போயிருக்கும். பெய்யவில்லை.

சோதனைத் தண்ணீரில் சிமெண்டின் காரம் இருக்கும், குடிக்க ஆகாது. மாடியைக் கழுவ விட்டுவிட்டு, உள்ளே தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். மாடிப்படிச் சுவர் இன்னும் ஜில்லென்று இருக்கிறது. அது முழுக்கக் காயட்டும், அப்புறம் சுண்ணாம்பு அடிக்கலாம்.