ரங்கூன் மழையில் ஒரு கைக்குட்டை ஓரம்

ஜூன் 29

அண்ணன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். கையில் வைத்துக்கொள்ள ஒரு வெள்ளைப் பருத்திக் கைக்குட்டை, ஓரம் முழுக்கப் பிக்கோ என்ற குட்டிச் சங்கிலி வளையங்கள் வைத்துப் பின்னித் தருவதாகச் சொல்லிவிட்டேன். தெயின்ஜி சந்தையில் 40ஆம் எண் மெர்சரைஸ்டு நூல் ஒரு உருண்டை வாங்கினேன். 1 மில்லிமீட்டர் குரோஷா ஊசி வீட்டிலேயே இருக்கிறது.

துணியை இன்றே துவைத்துப் போட்டேன். புதுப் பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். பின்னிய பிறகு சுருங்கினால் நூல் அதே அளவு சுருங்காது, ஓரம் அலை அலையாகிவிடும். அதனால் துணியின் சுருக்கம் முதலில் போய்விட வேண்டும். மழையில் காய இரண்டு நாள் ஆகும் போல.

ஜூலை 2

காய்ந்த பிறகு அளந்தேன். பக்கத்துக்கு 27 சென்டிமீட்டர், நான்கு பக்கமும் சமம்.

இவ்வளவு நெருக்கமாக நெய்த துணியில் குரோஷா ஊசி நேராக இறங்காது. தள்ளினால் இழை அறுந்து ஓட்டையாகும். அதனால் முதலில் தையல் ஊசியால், அதே நூலில், மடிப்பை ஒட்டிச் சுற்றிலும், ஓரத்தை வளைத்துப் பிடிக்கும் பிளாங்கெட் தையல் போட்டேன். 3 மில்லிமீட்டருக்கு ஒரு தையல். ஒரு அட்டைத் துண்டில் 3 மில்லிமீட்டர் கோடுகள் போட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டதால் கண்ணை நம்ப வேண்டியதில்லை. பக்கத்துக்கு 90 இடைவெளி வந்தது. மூலையில் மட்டும் ஒரு தையலைச் சரிவாகப் போட்டு நுனியில் நிறுத்தினேன்.

பிக்கோ சமமாக வருமா என்பது இந்தத் தையலிலேயே தீர்ந்துவிடுகிறது. இங்கே ஓரிடம் 2, ஓரிடம் 4 என்று விழுந்தால் மேலே எவ்வளவு கவனமாகப் பின்னினாலும் சரியாகாது.

ஜூலை 5

பழைய துணித் துண்டு ஒன்றில் சோதனை. ஒவ்வொரு இடைவெளியிலும் சிங்கிள் குரோஷே என்ற குட்டைத் தையல் இரண்டு, இரண்டாவதன் மேல் ஒரு பிக்கோ என்று ஆரம்பித்தேன். பத்து பிக்கோ போவதற்குள் ஒன்று முன்னால் சாய்ந்தது, அடுத்தது பின்னால் சாய்ந்தது. வாயும் அடைத்துக்கொண்டு வெறும் குமிழ் மாதிரி இருந்தது.

அத்தையிடம் காட்டினேன். கன்னத்தில் பூசிய தனக்கா மரப்பட்டைச் சாந்து காயாமல் இருந்ததால் தொடாமல் பார்த்தார். வெள்ளை நூலில் அந்த மஞ்சள் பட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும்.

“எத்தனை சங்கிலி போட்டே?”

“மூணு, அத்தை.”

“மூணு போட்டா முடிச்சுதான் வரும், கண்ணு வராது. நாலு போடு. அஞ்சு போட்டா தொங்கிடும். அப்புறம் வளையத்தை மூடுற ஸ்லிப் ஸ்டிட்சை எங்க போடுறே?”

முதல் சங்கிலிக்குள் போடுகிறேன் என்றேன். தலையை ஆட்டினார். அப்படிப் போட்டால் பிக்கோ ஒற்றை நூலில் நிற்கும், பக்கவாட்டில் சாயத்தான் செய்யும். சிங்கிள் குரோஷேயின் தலையில் உள்ள முன் இழையையும், அதன் கீழே இறங்கும் இடது கால் இழையையும் சேர்த்துக் குத்தி இழுக்கச் சொன்னார். இரண்டு இழை பிடித்துக்கொள்வதால் பிக்கோ நிமிர்ந்து நிற்கிறது. ஒரே துணியில் இரண்டு விதமாகவும் பின்னிப் பார்த்தேன், வித்தியாசம் தூரத்திலிருந்தே தெரிகிறது.

ஜூலை 6

இடைவெளிதான் பாக்கி இருந்த கேள்வி. என் கையில் ஒரு சிங்கிள் குரோஷே ஒன்றரை மில்லிமீட்டர் அகலம் வருகிறது. நாலு சங்கிலிப் பிக்கோ விரிந்தால் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். இரண்டு தையலுக்கு ஒன்று என்றால் 3 மில்லிமீட்டரில் அதைத் திணிக்கிறேன், அதனால்தான் அவை ஒன்றையொன்று தள்ளிச் சாய்ந்தன. மூன்றுக்கு ஒன்று என்றால் இடிக்காது, ஆனால் உரசும். நான்குக்கு ஒன்று என்றால் 6 மில்லிமீட்டர், நடுவில் காற்றோட்டம் இருக்கிறது. அதுவே முடிவு.

அடுத்து மூலைக் கணக்கு. மூலையின் சரிந்த தையலில் மூன்று சிங்கிள், நடுவில் உள்ளதன் மேல் பிக்கோ. பக்கத்தில் 90 இடைவெளிக்கு 180 தையல். ஒரு மூலைப் பிக்கோவிலிருந்து அடுத்த மூலைப் பிக்கோ வரை எண்ணினால் 183 வருகிறது. நான்கால் வகுத்தால் மூன்று மீதி. இப்படியே பின்னினால் அடுத்த மூலையில் பிக்கோ ஒரு தையல் தள்ளி விழும். பக்கத்தின் நடுவில் ஏதாவது ஒரு இடைவெளியில் இரண்டுக்குப் பதில் மூன்று போட்டால் 184 ஆகிவிடும். நாற்பத்தாறு நான்குகள். அந்த ஒரு தையல் யாருக்கும் தெரியாது. மூலைக்கு அருகில் வைத்திருந்தால்தான் தெரியும்.

ஜூலை 10

மூன்று பக்கம் முடித்து ஒரு பக்கத்தைப் பிரித்தேன்.

நேற்று இரவு கரண்ட் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் மூன்றாவது பக்கத்தைப் பின்னினேன். காலையில் பார்த்தால் அந்தப் பக்கத்துப் பிக்கோக்கள் எல்லாம் சிறியவை, கண்ணும் சிறுத்திருந்தது. எண்ணிக்கையில் தவறில்லை. சங்கிலியை ஊசியின் கொக்கிக்குக் கீழே உள்ள ஒடுங்கிய கழுத்திலேயே இறுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு சங்கிலியையும் ஊசியின் தண்டுப் பகுதி வரை ஏற்றினால்தான் கண் 1 மில்லிமீட்டருக்குத் திறந்திருக்கும். வெளிச்சம் குறைந்தால் கை நூலை இறுக்கிப் பிடிக்கிறது, அதை நான் கவனிக்கவில்லை. ஸ்லிப் ஸ்டிட்சை மட்டும் இறுக்க வேண்டும், அப்போதுதான் பிக்கோவின் அடி குறுகி மேலே வட்டமாக விரியும்.

பிரித்த நூலில் வளைவு நின்றுவிட்டதால் அதைத் திரும்பப் பின்னவில்லை. புதிய நூலைச் சேர்த்துப் பகலில் பின்னினேன்.

ஜூலை 14

நாலாவது பக்கமும் முடிந்தது. முதல் தையலோடு சேர்த்து, நுனியைப் பின்பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே ஓட்டி வெட்டினேன். 184 பிக்கோ.

அரிசிக் கஞ்சியைத் தண்ணீர் மாதிரி வைத்தேன். இந்த ஈரக் காற்றில் கெட்டிக் கஞ்சி மெதுவாகக் காயும், பூசணம் பிடிக்கும். நனைத்துப் பிழிந்து, மடித்த துண்டின் மேல் விரித்தேன். ஒவ்வொரு பிக்கோவின் கண்ணிலும் ஒரு ஊசி, நேர் வெளிப்பக்கமாக இழுத்துக் குத்த வேண்டும். சோதனைத் துண்டில் சாதாரண குண்டூசி குத்தி வைத்து, மறுநாள் துரு வட்டங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் துருப்பிடிக்காத ஊசிகள் மட்டும். அவை அறுபதுதான் இருந்தன. ஆகவே ஒரு பக்கம் காய்ந்த பிறகு அடுத்த பக்கம். எதிரே உட்கார்ந்து அத்தையும் குத்தினார், கன்னத்தைக் கழுவிவிட்டு.

ஜூலை 18

இன்றுதான் கடைசிப் பக்கத்தின் ஊசிகளை எடுத்தேன். இரண்டாவது பக்கத்தில் ஒரு பிக்கோ மட்டும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. பார்த்தால், கால் இழையைப் பிடிக்காமல் முன் இழையை மட்டும் குத்தியிருக்கிறேன். தையல் ஊசியில் அதே நூலைக் கோத்து, பின்பக்கத்திலிருந்து அந்த அடியையும் கால் இழையையும் ஒரு சுற்றுச் சேர்த்துக் கட்டினேன். நிமிர்ந்துவிட்டது.

இஸ்திரி போடும்போது முகப்பு கீழே இருக்க, தடித்த துண்டின் மேல் வைத்து நடுத்துணியை மட்டும் தேய்த்தேன். ஓரத்தின் மேல் பெட்டி ஏறினால் பிக்கோ நசுங்கிவிடும். இப்போது மெல்லிய தாளில் தட்டையாக வைத்திருக்கிறேன். மடித்தால் கோட்டில் வரும் பிக்கோ வளையும். கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் மடிக்க வேண்டும்.