அக்காவின் கவர் படம்: இடது பக்கத்துப் பட்டைகள் ஒருவழியாகப் போயின

மூன்று வாரமாக மல்லுக்கட்டிய வேலை நேற்று ராத்திரி படிந்தது. புதுச்சேரியில் இருக்கும் என் அக்கா பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறாள், ஃப்ரீலான்ஸ்தான். அவளுடைய லிங்க்ட்இன் பக்கத்துக்கு ஒரு கவர் படம் கேட்டிருந்தாள். கண்ணை உறுத்தாத அருவமான படமாக இருக்க வேண்டும், இடது பக்கம் பெயருக்கு இடம் விட வேண்டும், அவ்வளவுதான் அவள் சொன்னது.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடிவதற்குச் சற்று முன்னால் கடல் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சாம்பல் பச்சை இருக்கும். அதையே எடுத்துக்கொண்டேன். வலது பக்கம் மூன்று மெல்லிய அலைவளைவுகள், ஒன்றின் மேல் ஒன்று. இடது பக்கம் ஒரு நிறம் மெல்ல மெல்ல இன்னொன்றாக மாறும் வெறும் கிரேடியன்ட். அளவு வழக்கமான 1584 × 396. படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் ஒரே மாலையில் முடித்து அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் போன் வந்தது: "டேய், இடது பக்கம் ஏதோ படிக்கட்டு மாதிரி தெரியுதே, உனக்குத் தெரியலையா?"

பார்த்தால் அவள் சொன்னது சரிதான். அலைகள் இருக்கும் வலது பக்கம் சுத்தமாக இருந்தது. பெயருக்காக விட்ட இடத்தில் மட்டும் அகலமான பட்டைகள், அதிலும் ஒன்று லேசான ரோஸ், அடுத்தது லேசான பச்சை.

காரணத்தைக் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். என் கிரேடியன்ட் இடது ஓரத்தில் #DCE6E4, 720 பிக்சல் தள்ளி #CEDCDC. வழக்கமான 8 பிட் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். சிவப்பு 220-இலிருந்து 206-க்கு வருகிறது, அதாவது 14 படிதான். 720-ஐ 14-ஆல் வகுத்தால் ஒரு படிக்கு ஏறக்குறைய 51 பிக்சல். பச்சைக்கு 10 படி, ஒவ்வொன்றும் 72 பிக்சல். நீலத்துக்கு 8 படி, 90 பிக்சல். மூன்றும் வேறு வேறு இடத்தில் படி இறங்குவதால்தான் நடுவில் ரோஸும் பச்சையும் எட்டிப் பார்க்கின்றன. படம் எவ்வளவு அமைதியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ அவ்வளவுக்குப் படிகள் குறையும், பட்டைகள் அகலும். பெயருக்காக நான் அமைதியாக்கிய இடமேதான் மோசமாகத் தெரிந்தது.

இது படத்தில்தான் இருக்கிறதா, திரையின் கோளாறா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். மலிவான மடிக்கணினித் திரைகளில் சில, நல்ல படத்தையும் பட்டையாகக் காட்டும். நான் செய்வது இது: படத்தின் நகலில் Levels-ஐத் திறந்து, உள்ளீட்டில் 200-ஐக் கறுப்பாகவும் 235-ஐ வெள்ளையாகவும் இழுத்துவிடுவேன். படத்தில் பட்டை இருந்தால் கோடு கிழித்ததுபோல் பளிச்சென்று தெரியும். இல்லையென்றால் வெறும் மணல்தான் தெரியும். அப்போது குற்றம் திரையினுடையது.

முதல் முயற்சியில் வழக்கமான வழியையே பிடித்தேன். Image > Precision-இல் இடைப்பட்ட படிகளையும் வைத்துக்கொள்ளும் 16 பிட்டுக்கு மாற்றி கிரேடியன்ட்டை மறுபடி போட்டு, தாறுமாறாகச் சிதறிய நுண்ணிய புள்ளிகளான நாய்ஸ் சேர்த்து, அதற்குப் பிறகு 8 பிட்டுக்கு இறக்கினேன். இந்த வரிசை முக்கியம். 8 பிட்டில் ஏற்கெனவே படிக்கட்டாகிவிட்ட கிரேடியன்ட்டின் மேல் நாய்ஸ் தூவினால் பட்டையின் ஓரம் கொஞ்சம் மங்கும், படி அப்படியேதான் இருக்கும். 16 பிட்டில் இருக்கும்போதே தூவினால், 213.4 என்று இருக்க வேண்டிய இடத்தில் சில புள்ளிகள் 213, சில 214 என்று விழுந்து, கண் அதைச் சராசரியாக எடுத்துக்கொள்ளும். என் கணினியில் அருமையாக வந்தது. பக்கத்தில் ஏற்றியதும் பட்டைகள் திரும்பி வந்துவிட்டன.

ஒரு வாரம் நான் சிக்கிக் கிடந்தது இந்த இடத்தில்தான். ஏற்றிய படம் அப்படியே காட்டப்படுவதில்லை. சுருக்கி, மறுபடி ஜேபெக் ஆக்கிய பிரதிதான் திரைக்கு வருகிறது. பாதியாகச் சுருக்கும்போது நாலு புள்ளி சேர்ந்து ஒன்றாகிறது, ஒற்றைப் பிக்சல் நாய்ஸின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். மிச்சத்தை ஜேபெக் பார்த்துக்கொள்ளும், 8 × 8 கட்டத்துக்குள் மிக நுண்ணியதைத்தான் அது முதலில் தூக்கி எறியும். வண்ண நாய்ஸ் என்றால் இன்னும் மோசம், நிறத் தகவலைப் பெரும்பாலும் பாதி அளவில்தான் சேமிக்கிறார்கள். ஆகவே தேவைப்பட்டது கறுப்பு வெள்ளையில், இரண்டு மூன்று பிக்சல் பருமனுள்ள, மணல்மணலான கிரெய்ன்.

நாய்ஸைப் பெரிதாக்கி மங்கலாக்கினாலே அது கிடைக்கும், செய்தும் பார்த்தேன். பட்டை போனது, ஆனால் பழைய டிவியின் புள்ளிபோல உயிரில்லாமல் இருந்தது. அப்போதுதான் அக்கா வீட்டு மேசையில் கிடந்த கைக்காகிதம் ஞாபகத்துக்கு வந்தது. புதுச்சேரி சர்தார் படேல் சாலையில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகித ஆலை இருக்கிறது, பருத்தியில் செய்யும் தாள். வெள்ளைத் தாளை விரலால் தடவினாலே மேடுபள்ளம் தெரியும். பூ, இலை பதித்த தாள்கள் இதற்கு ஆகாது, வெறும் வெள்ளையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அந்தத் தாளை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, நிறம் நீக்கி, இழைகள் இரண்டு மூன்று பிக்சல் பருமனாகத் தெரியும் வரை சுருக்கினேன். பிறகு High Pass. அதைப் போடாவிட்டால் ஸ்கேனரின் ஓரம் கொஞ்சம் இருண்டிருப்பது படத்தில் அழுக்காக விழும். போட்டதும் தாள் முழுதும் ஒரே நடுச் சாம்பலாகி இழை மட்டும் நிற்கும். இதை 16 பிட் படத்தின் மேல் Grain merge முறையில் வைத்தேன். அந்த முறை நடுச் சாம்பலைத் தொடாது, அதைவிட வெளுத்ததைக் கூட்டும், இருண்டதைக் கழிக்கும். அதனால் என் நிறம் மாறவில்லை. ஒளிபுகாமை 20 சதவீதத்தில் தொடங்கினேன், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. 6-க்கு இறக்கியதும் சரியாக உட்கார்ந்தது. கலர் பிக்கரில் பார்த்தால் மேலே கீழே இரண்டு படிதான் ஆடுகிறது. கண்ணுக்குக் காகிதமாகத் தெரியவில்லை, பட்டையும் இல்லை. 8 பிட்டுக்கு இறக்கி, பிஎன்ஜியாக, அதே 1584 அளவில் ஏற்றினேன். அக்காவின் மடிக்கணினி, மாமாவின் போன், என் பழைய மானிட்டர், மூன்றிலும் சுத்தம்!

பெயர் இன்னும் பாக்கி. இடது பக்கத்தின் கீழ்ப்பாதியை முகப்படத்தின் வட்டம் பிடித்துக்கொள்கிறது. அதனால் அக்கா பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 1584 அகலத்துக்கு இழுத்து, மேல் அடுக்காக வைத்து வட்டத்தைக் குறித்துக்கொண்டேன். போனில் வட்டம் விழும் இடம் வேறு, அதற்குத் தனியாக ஒன்று. இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது இடது மேல் மூலையில் ஒரு குறுகிய இடம்தான். லத்தீன் எழுத்தில் பெயர் அதில் தாராளமாக அடங்குகிறது. தமிழில் மேலே ஈகாரச் சுழி, கீழே உகர வளைவு எல்லாம் நீள்வதால் வரி இடிக்கிறது. முக்த மலர் எழுத்துருவில் 44 பிக்சலுக்குக் குறைத்தால் அடங்கும், ஆனால் போனில் சிறுத்துவிடுகிறது. தமிழ் மட்டும் போதும் என்கிறாள் அக்கா, பிரெஞ்சுக்காரர்களும் படிக்க வேண்டாமா என்கிறார் மாமா.

இதற்கிடையில் அதே தாளைச் சாய்வான வெளிச்சத்தில் கேமராவில் எடுத்துப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. ஸ்கேனர் வெளிச்சம் நேராக விழுவதால் மேடுபள்ளம் பாதிதான் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி போகும்போது இன்னும் இரண்டு தாள் வாங்கி வரப் போகிறேன், ஒன்று கொஞ்சம் தடித்ததாக.