பெட்டிக்குள் கிடந்த பில்

கத்தாரிலிருந்து இவர் போட்ட பெட்டி கடல் கார்கோவில் கொழும்புக்கு வந்து, சுங்கம் முடிந்து, லொறியில் கோப்பாய்க்கு வந்து சேர்ந்தது. கையொப்பம் வைக்க முதல் நான்கு மூலைகளையும் டேப்பையும் பார்த்தேன். இடையில் யாராவது பிரித்திருந்தால் டேப்புக்கு மேல் டேப் ஏறி நிற்கும். அப்படி ஒன்றுமில்லை.

மாமியும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்துவிட்டா. மேலே கம்பளிப் போர்வை, அதற்குள் பால்மா டின்கள். சவர்க்காரத்தைத் தனியாக இரண்டு சொப்பிங் பைகளில் இறுக்கிக் கட்டியிருந்தார். போன முறை பால்மா முழுக்கச் சவர்க்கார வாசம் பிடித்து ஒருவரும் குடிக்கவில்லை. நான் ஏசியது நினைவில் இருக்கிறது போல. மகனின் சப்பாத்தும் அளவாக இருந்தது. சப்பாத்து இலக்கம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், இந்த முறை குதிக்காலிலிருந்து பெருவிரல் வரை அளந்து சென்ரிமீற்றரில் அனுப்பியிருந்தேன்.

கடல் வழியால் வருகிற சாப்பாட்டுச் சாமானில் திகதி பார்ப்பது என் வழக்கம். பேரீச்சம்பழப் பையில் கடைத் தராசு அடித்த லேபிள் இருந்தது: எடை, விலை, நாள், நேரம். பெப்ரவரி மாதம், காலை 10.40. கலண்டரைப் பார்த்தால் செவ்வாய்க்கிழமை. இவருக்கு லீவு வெள்ளியில்தான். சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்த பில்லும் ஒரு புதன்கிழமைப் பகல். கோடையென்றால் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 இலிருந்து பின்னேரம் 3.30 வரை அங்கே வெயிலில் வேலை செய்விக்கக் கூடாது, அந்த நேரம் கடைக்குப் போயிருப்பார் என்று நினைக்கலாம். பெப்ரவரியில் ஏது அது?

அடியில் துவாயில் சுற்றி ஒரு ரைஸ் குக்கர். புதிது இல்லை, அடி கருகிய, இவர் றூமில் சமைக்கிற குக்கர்.

"பாவிச்சதை ஏன் அனுப்பினவன்?" என்றா மாமி. நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்ப் போன் எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, வேலை நிண்டு போச்சோ?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கொன்ராக்ட் புதுப்பிக்கேல்லை. ரிக்கெட் கைக்கு வந்தாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்."

அழுகை வந்தது, ஆனால் கேட்க வேண்டியதை முதலில் கேட்டேன். கத்தார்ச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, வருடத்துக்குக் குறைந்தது மூன்று கிழமை அடிப்படைச் சம்பளம் சேவை முடிவுக் காசாகக் கொடுக்க வேண்டும். இவர் போய் ஐந்து வருடம், அப்படியென்றால் பதினைந்து கிழமை. சாப்பாட்டுக் காசும் ஓவர்டைமும் அந்தக் கணக்கில் வராது.

"அந்தக் காசு கணக்கில விழுந்தாப் பிறகு பிளேன் ஏறுங்கோ" என்றேன். "மாமிக்கு நீங்களே சொல்லுங்கோ, குக்கரைப் பற்றிக் கேக்கிறா."