கழித்த பிறகு மிஞ்சும் ஓசை

பழைய கேசட் பேட்டிகளை டிஜிட்டலாக்கிச் சுத்தம் செய்து, கேட்டு எழுதுபவர்களுக்குக் கொடுப்பதுதான் என் வேலை. பெரும்பாலும் வீட்டு முற்றத்திலோ கூடத்திலோ உட்கார்ந்து எடுத்தவை. தலைக்கு மேல் மின்விசிறி, அதோடு டேப்பின் சொந்த இரைச்சல், இரண்டும் சேர்ந்து பேட்டி முழுக்க ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். இந்த மாதிரிச் சீரான இரைச்சலுக்கு நான் இன்னும் முதலில் கையில் எடுப்பது ஸ்பெக்ட்ரல் சப்ட்ராக்‌ஷன் என்ற பழைய முறையைத்தான். 1979-ல் ஸ்டீவன் போல் அதை ஒரு கட்டுரையாக எழுதினார், அதே வருடம் பெரூட்டி, ஷ்வார்ட்ஸ், மக்ஹூல் மூவரும் அதைத் திருத்தி இன்னொன்று எழுதினார்கள். இன்றைக்கு இந்த முறையைக் கையாள்பவர்கள் தொடுகிற திருகுகள் எல்லாம் கிட்டத்தட்ட இந்த இரண்டிலிருந்து வந்தவைதான்.

முறை எளிது. ஒலியைச் சின்னச் சின்ன ஃபிரேம்களாக வெட்டுகிறோம். என் கோப்புகள் 16 கிலோஹெர்ட்ஸ், ஃபிரேமுக்கு 512 சாம்பிள், அதாவது 32 மில்லிசெகண்ட், ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறி இருக்கும். ஒவ்வொரு ஃபிரேமையும் எஃப்எஃப்டி செய்தால் 257 அதிர்வெண் கட்டங்கள் கிடைக்கும், கட்டத்துக்குக் கட்டம் 31.25 ஹெர்ட்ஸ். யாரும் பேசாத ஃபிரேம்களை எடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் இரைச்சலின் சராசரி சக்தி என்ன என்று கணக்கிட்டு வைத்துக்கொள்கிறோம். அப்புறம் எல்லா ஃபிரேமிலிருந்தும் அந்தச் சராசரியைக் கழிக்கிறோம். மைனஸில் போனால் பூஜ்யம். ஃபேஸை மட்டும் இரைச்சலோடு இருந்தபடியே எடுத்துக்கொண்டு திரும்ப ஒலியாக்குகிறோம். அவ்வளவுதான்.

இப்படிச் செய்த ஒரு கோப்பைக் கேட்ட எங்கள் எழுத்தர் சொன்னது: "அண்ணா, ஃபேன் சத்தம் போயிடுச்சு. ஆனா அந்தப் பாட்டி பேசுறதுக்குப் பின்னாடி ஏதோ மணி மணியா கேட்டுக்கிட்டே இருக்கு." துறையில் இதற்கு மியூசிக்கல் நாய்ஸ் என்று பெயர். கொலுசு அறுந்து மணிகள் தரையில் சிதறினால் எப்படி இருக்குமோ அப்படி, வெவ்வேறு சுருதியில் குட்டிக் குட்டி ஒலிகள், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு ஃபிரேம் மட்டும் இருந்துவிட்டு மறையும். ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால் கறுப்புப் பின்னணியில் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும்.

இதைக் கேட்டதும் பெரும்பாலோர் இரைச்சலைச் சரியாக அளக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள், உடனே மௌனமான பகுதியை இன்னும் நீளமாக எடுத்து அளவெடுப்பார்கள். அதில் பிரயோஜனம் இல்லை. சராசரியை இம்மி பிசகாமல் அளந்தாலும் இந்த மணிச்சத்தம் வரும், ஏனென்றால் நாம் கழிப்பது சராசரியை, ஃபிரேமில் இருப்பதோ சராசரி அல்ல. ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரி 100 என்று வையுங்கள். அடுத்தடுத்த மௌன ஃபிரேம்களில் அந்தக் கட்டத்தின் சக்தி 30, 210, 85, 12, 160, 470 என்று கண்டபடி ஏறி இறங்கும். இரைச்சல் "சீரானது" என்று நாம் சொல்வது அதன் சராசரியைப் பற்றித்தான். 100-ஐக் கழித்தால் 0, 110, 0, 0, 60, 370 மிஞ்சும். முன்பு எல்லாம் கலந்து ஒரே இரைச்சலாகக் கேட்டது, இப்போது நடுவில் இருந்ததெல்லாம் பூஜ்யமாகிவிட்டதால் மேடுகள் மட்டும் தனியே நிற்கின்றன. காது ஒவ்வொரு மேட்டையும் ஒரு சுருதியாக எடுத்துக்கொள்கிறது.

எத்தனை மேடுகள் என்பதையும் கணக்குப் போடலாம். காஸியன் இரைச்சலில் ஒரு கட்டத்தின் சக்தி எக்ஸ்பொனென்ஷியல் பரவலில் வரும், அது தன் சராசரியைத் தாண்டும் வாய்ப்பு 37 சதவீதம். 257 கட்டத்தில் சுமார் 95 கட்டங்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும் தப்பித்துவிடும். பெரூட்டி குழு செய்த முதல் திருத்தம், சராசரியை ஒரு மடங்காகக் கழிக்காமல் ஆல்ஃபா மடங்காகக் கழிப்பது. ஆல்ஃபா 4 என்றால் தப்பிக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழே, ஃபிரேமுக்கு ஐந்து கட்டம்தான். மேலே உள்ள வரிசையில் 470 மட்டும் தப்பி 70 ஆக மிஞ்சும்.

இங்கேதான் ஒரு நுணுக்கம், எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். எக்ஸ்பொனென்ஷியல் பரவலுக்கு ஞாபகம் கிடையாது, எந்த வரம்பைத் தாண்டி வந்தாலும் தாண்டிய பிறகு மிஞ்சும் உயரத்தின் சராசரி அதே பழைய 100 தான். ஆகவே ஆல்ஃபாவை ஏற்ற ஏற்ற மேடுகளின் எண்ணிக்கை குறையும், ஆனால் தப்பித்த மேடு ஒவ்வொன்றும் சராசரியில் முன்பு இருந்த அதே உயரத்தில்தான் நிற்கும். மொத்த சக்தியை அளந்தால் இரைச்சல் 17 டெசிபெல் குறைந்துவிட்டது என்று மீட்டர் சந்தோஷமாகக் காட்டும், காதுக்கோ சுற்றிலும் அமைதியாகிவிட்டதால் மிஞ்சிய ஐந்தும் இன்னும் துல்லியமாகக் கேட்கும். ஆல்ஃபாவை மட்டும் திருகிக்கொண்டிருப்பவர்கள் ஏன் கரையேறுவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

அதனால் இரண்டாவது திருத்தம் கட்டாயம் வேண்டும்: பூஜ்யத்துக்குப் பதில் ஒரு தரை. எந்தக் கட்டமும் இரைச்சல் சராசரியின் பீட்டா பங்குக்குக் கீழே போகக் கூடாது. கீழே X என்பது ஃபிரேமின் எஃப்எஃப்டி, N இரைச்சலின் சராசரி சக்தி, a ஆல்ஃபா, b பீட்டா.

```python
P = np.maximum(np.abs(X)**2, 1e-12)
S = np.maximum(P - a*N, b*N)
Y = np.sqrt(S / P) * X
```

பீட்டா 0.03 என்றால் பழைய இரைச்சலுக்கு 15 டெசிபெல் கீழே ஒரு மெல்லிய, சமமான இரைச்சல் எப்போதும் இருக்கும். பள்ளங்கள் நிரம்பிவிடுவதால் மேடுகள் அதற்குள் ஓரளவு மறைந்துவிடும். வேண்டுமென்றே கொஞ்சம் இரைச்சலை விட்டுவைப்பதைப் புதிதாக வருபவர்கள் ஏற்றுக்கொள்ளவே மாட்டார்கள். நான் பீட்டாவைப் பூஜ்யமாக்கி ஒருமுறை, 0.03 வைத்து ஒருமுறை ஹெட்ஃபோனில் போட்டுக் காட்டிவிடுவேன், வாதம் அங்கேயே முடிந்துவிடும். ஆல்ஃபாவையும் எல்லா ஃபிரேமுக்கும் ஒன்றாக வைக்க வேண்டியதில்லை. பெரூட்டி குழுவே 4 - (3/20)·SNR என்று ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறது, SNR என்பது அந்த ஃபிரேமில் பேச்சு இரைச்சலைவிட எத்தனை டெசிபெல் ஓங்கி இருக்கிறது என்ற எண். பேச்சு இரைச்சலைவிட 20 டெசிபெல் ஓங்கி இருக்கும் ஃபிரேமில் ஆல்ஃபா 1 ஆக இறங்கிவிடும். உரத்த உயிரெழுத்தின் ஓரங்களைக் கடித்துக் குதறாமல் இருக்க அது உதவுகிறது.

சரி, மௌன ஃபிரேம்களை எங்கே எடுப்பது? அளவின் துல்லியம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, பேசாத அரை நொடி கிடைத்தாலே சுமார் 30 ஃபிரேம், ஒரு டெசிபெல் முன்பின்னாக அளந்துவிடலாம். ஆனால் வீட்டில் எடுத்த பேட்டியில் சுத்தமான மௌனம் கிடைக்காது, வளையல் சத்தம், இருமல், டம்ளர் வைக்கும் ஓசை என்று ஏதாவது நடுவில் விழும். ஒரே ஒரு டம்ளர் சத்தம் சராசரியைத் தூக்கிவிடும் என்பதால் நான் மீடியன் எடுக்கிறேன். மீடியன் எடுத்தால் ஒன்றை மறக்கக் கூடாது, இந்தப் பரவலில் மீடியன் சராசரியின் 0.69 பங்குதான், ஆகவே வந்த எண்ணை 0.69 ஆல் வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாக் கட்டத்திலும் குறைத்துக் கழிப்போம், மணிகள் கூடும். கோப்பின் தொடக்கத்தையும் நம்பக் கூடாது. யாராவது எடிட் செய்தபோது ஃபேட்-இன் வைத்திருப்பார்கள், முதல் கால் நொடி வெறும் பூஜ்யமாக இருக்கும், அதிலிருந்து அளந்தால் கழிக்க எதுவுமே இருக்காது.

கேசட் பேட்டிகளில் இதைவிடப் பெரிய சிக்கல் ரெக்கார்டரே செய்வது. அந்தக் காலத்துக் கையடக்க ரெக்கார்டர்கள் பலவற்றில் ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் சர்க்யூட் உண்டு. ஆள் பேசும்போது அளவைக் குறைக்கும், நிறுத்தினால் மெதுவாக ஏற்றும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவரின் பேட்டியில் இதை அப்படியே பார்க்கலாம். கேள்விக்குப் பதில் சொல்லுமுன் அவர் நன்றாக யோசிப்பார், அந்த நீண்ட மௌனத்தில் மின்விசிறி மெல்ல மெல்ல எழுந்துவரும், வாயைத் திறந்ததும் சட்டென்று அமுங்கும். பார்ப்பதற்கு அந்த நீண்ட மௌனம்தான் அளவெடுக்கத் தோதான இடம், உண்மையில் அதுதான் ஆபத்தான இடம். அங்கே இரைச்சல் 6 டெசிபெல் ஏறியிருந்தால் சக்தி நாலு மடங்கு. ஆல்ஃபா 4 என்று நாம் வைத்தது பேச்சுக்கு அடியில் 16 ஆக வேலை செய்யும், பாட்டியின் சகரமும் சொல்லின் கடைசியில் தேயும் உகரமும் அதோடு போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்பெக்ட்ரோகிராமில் 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையைப் பாருங்கள். அங்கே குரல் குறைவு, டேப் இரைச்சல்தான் அதிகம். பேச்சுக்கு ஏற்ப அந்தப் பட்டை மங்கியும் தெளிந்தும் வந்தால் சர்க்யூட் வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்போது நீண்ட மௌனத்தை விட்டுவிட்டு, வாக்கியத்துக்கு நடுவே மூச்சு வாங்கும் குட்டி இடைவெளிகளிலிருந்து அளவெடுக்கிறேன். அந்த இடைவெளிகளில் மூச்சும் அறையின் எதிரொலியும் கலந்திருக்கும், மீடியன் அதில் பாதியைக் காப்பாற்றும், மீதியைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். இடைவெளிகளில் அளந்தால் நீண்ட மௌனத்தில் மின்விசிறி கொஞ்சம் கேட்கும், அதை அப்படியே விடுகிறேன். மௌனத்தில் எழுத்தருக்கு எழுத ஒன்றும் இல்லை.

எல்லாம் முடிந்ததும் மூலத்திலிருந்து சுத்தம் செய்ததைக் கழித்து, எடுத்துப்போட்ட குப்பையை மட்டும் தனியாகக் கேட்பேன். அதில் மின்விசிறியும் டேப்பும் மட்டும் கேட்டால் சரி. வார்த்தை புரிகிற அளவுக்குப் பாட்டியின் குரல் அதில் இருந்தால் அதிகமாகக் கழித்துவிட்டோம், ஆல்ஃபாவை இறக்க வேண்டும்.

1984-ல் எஃப்ரைமும் மாலாவும் கொடுத்த முறை ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக முடிவு செய்யாமல் முந்தைய ஃபிரேமின் விடையையும் சேர்த்துப் பார்க்கிறது, மணிச்சத்தம் அதில் மிகவும் குறைவு. நிறையக் கோப்புகளுக்கு நான் அதற்குத்தான் போய்விடுவேன். ஆனால் அதற்கும் இரைச்சல் அளவு இதே மௌன ஃபிரேம்களிலிருந்துதான் வர வேண்டும், ரெக்கார்டர் ஏமாற்றினால் அதுவும் ஏமாறும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த முறைகள் கேட்கும் களைப்பைக் குறைக்கின்றன, புரியாத சொல்லைப் புரியவைப்பது அரிது. அதனால் எழுத்தரிடம் இரண்டு கோப்பும் கொடுக்கிறேன், எழுதுவது சுத்தம் செய்ததைக் கேட்டு, சந்தேகம் வந்த சொல்லுக்கு மூலத்தைப் போட்டுப் பார்ப்பது. போன வாரம் அப்படித்தான் ஒரு ஊர்ப் பெயரின் நடு எழுத்து மூலத்தில் மட்டும் இருந்தது.