எதிர் மேசைக்கு ஒரு புருவம்

30 ஜூன் 2025, திங்கள்

மாதக் கடைசி. எங்கள் வங்கியின் காரைக்குடிக் கிளைக்குள் நான் நுழைந்தபோது தலைமைக் காசாளர் அண்ணன் சாவியோடு காத்திருந்தார். பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. மணி பத்தாவதற்குள் பணம் கவுண்டருக்குப் போயாக வேண்டும்.

"வாருங்கள் அம்மா."

"வந்துவிட்டேன் அண்ணே."

பேச்சு அவ்வளவுதான், நடந்துகொண்டேதான் அதுவும். இந்தப் பக்கத்தில் வீட்டில் இருப்பவர்தான் முதலில் வாருங்கள் என்று சொல்ல வேண்டும், வருகிறவர் முந்திக்கொள்வதில்லை. எங்கள் அலுவலகத்திலும் அதே முறை. முன்னால் வந்து உட்கார்ந்தவர் வீட்டுக்காரர், பிந்தி வந்தவர் விருந்தாளி. கடைநிலை ஊழியர் ஐந்து நிமிடம் முந்தி வந்துவிட்டால் மேலாளரையே அவர்தான் வரவேற்கிறார். மேலாளருக்கு இது பிடித்திருக்கிறதா என்று நான் கேட்டதில்லை.

1 ஜூலை, செவ்வாய்

ஓய்வூதியக்காரர்கள் கதவு திறக்கும் முன்பே படியில் உட்கார்ந்திருந்தார்கள். புதுவயல் அரிசி ஆலைப் பணம் வேறு. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் காசாளர் தம்பி, அண்ணன் முன்னால் போய் நின்று, "வணக்கம் சார்! தேவகோட்டையில் நேற்று மழையா? பஸ் கிடைத்ததா?" என்றான். நல்ல பிள்ளை, அன்பாகத்தான் கேட்டான். ஆனால் அண்ணன் கையில் ஐந்நூறு ரூபாய்க் கட்டு. எண்ணும் இயந்திரம் இருந்தாலும் அழுக்கு நோட்டைப் பிரிக்கும்போது அவர் கையால்தான் எண்ணுவார். அறுபத்து எத்தனையோ வரை வந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், கட்டைத் தட்டி அடுக்கினார், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். வரிசையில் முதலில் நின்ற பெரியவர் தம்பியைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

மதியம் தம்பியிடம் சொன்னேன்: கட்டைவிரலும் உதடும் அசைகிறதா என்று பார். அசைந்தால் வாய் திறக்காதே. அவர் கட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டுவிட்டு நிமிர்வார். அப்போது புருவத்தை ஒரு முறை உயர்த்தி, தலையைச் சற்றே அசைத்துவிட்டு உன் கண்ணை எடுத்துவிடு. கண்ணை எடுப்பதுதான் முக்கியம். பார்த்துக்கொண்டே நின்றால் அவர் எதையோ சொல்லியாக வேண்டும் என்று ஆகிவிடும்.

இந்தப் புருவ உயர்த்தலை ஐபல்-ஐபெஸ்ஃபெல்ட் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் பல நாடுகளில் படமெடுத்துப் பார்த்திருக்கிறார். ஒரு நொடியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நேரம்தான் புருவம் மேலே நிற்கிறதாம். ஒரு நோட்டை எண்ணும் நேரம்கூட இல்லை.

பேசித்தான் ஆக வேண்டும் என்றால் "சாப்பிட்டாயிற்றா?" போதும். "ஆயிற்று" என்ற ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். மழை, பஸ், பேரன் எல்லாம் மூன்று மணிக்கு மேல்.

2 ஜூலை, புதன்

தம்பி தேறிவிட்டான் என்று நினைத்தேன். புருவம் சரியாக உயர்ந்தது, அண்ணனும் பதிலுக்கு உயர்த்தினார். உடனே, "அண்ணே, இந்த வவுச்சரில் ஒரு கையெழுத்து." அண்ணன் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. வேலையை ஒட்டிக்கொண்டு வரும் வணக்கத்தை மனிதர்கள் முன்பணமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நாளைக்கு வெறும் வணக்கம் சொன்னாலும் கை எதையாவது நீட்டுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அவசர வவுச்சரே ஆனாலும் ஒரு கட்டு எண்ணி முடியும் வரை பொறுத்துப் பிறகு தனியாகக் கேட்கலாம்.

4 ஜூலை, வெள்ளி

கணக்காளர் அம்மா இன்று வேலைக்குத் திரும்பினார். மாமியார் தவறியபின் முதல் நாள். எனக்கு நேர் எதிர் மேசை. முன்னால் வந்திருந்தவள் நான். முறைப்படி நான்தான் வாருங்கள் என்று சொல்ல வேண்டும். துக்க வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. அலுவலகம் துக்க வீடு இல்லைதான், ஆனாலும் நாக்கு எழவில்லை. புருவம் உயர்த்துவதும் சரியாக வராது, அதில் ஒரு குதூகலம் இருக்கிறது. பெட்டகம் திறக்க அண்ணன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்து போகிற வழியில் அவர் மேசை ஓரத்தில் கை வைத்து ஒரு நொடி நின்றேன். "பதினொரு மணிக்கு வருகிறேன், ஆச்சி" என்றேன். அவர் தலையசைத்தார்.

நேரம் குறித்துச் சொல்லிவிட்டால் போயே ஆக வேண்டும்; போகாவிட்டால் சொல்லாமலே இருந்திருக்கலாம். கூட்டம் விடவில்லை. பதினொன்றே காலுக்கு என் கவுண்டரைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். மருத்துவமனையில் கடைசி இரண்டு நாள் எப்படி இருந்தது என்று அவரே சொல்லத் தொடங்கினார்.