ஒரே தலைமையாசிரியர், இரண்டு வேலை

எம்.பி.ஏ. இரண்டாம் பருவத்தில், யாராவது ஒருவரின் தலைமைப் பாணியை ஆராய்ந்து அறிக்கை தரச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரைப் பிடித்தேன். ஹெர்சியும் பிளான்சார்டும் 1969இல் முன்வைத்த சூழ்நிலைத் தலைமை மாதிரியை எடுத்துக்கொண்டேன். வேலை செய்பவருக்கு அந்த வேலையில் திறமையும் மனமும் எவ்வளவு என்று பார்த்து, தலைவர் இப்படிச் செய் என்று சொல்லித்தருவார், அல்லது விளக்கி இணங்கவைப்பார், அல்லது கலந்து பேசுவார், அல்லது முழுதாக ஒப்படைத்துவிடுவார்.

முதல் நாள் ஒரு மணி நேரம் பேசினோம். "எல்லாரையும் கேட்டுத்தான் எதையும் செய்வேன் தம்பி" என்றார். 'கலந்து பேசும் தலைவர்' என்று பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். "இது அவர் சொன்னது. நடந்தது எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார் கைடு மேடம்.

அப்புறம்தான் சம்பவங்களைச் சேகரித்தேன், மொத்தம் ஒன்பது. என்ன வேலை, யாருக்கு, திறமை, மனம், தலைமையாசிரியர் செய்தது என நோட்டில் ஐந்து கட்டம். கடைசிக் கட்டத்தை முதலில் நிரப்பினால் வம்பு. 'ஒப்படைத்தார், அப்படியென்றால் ஆசிரியர் திறமையானவர்தான்' என்று மனம் தானாக எழுதிவிடும். இரண்டு சம்பவங்களில் அதைத்தான் செய்திருந்தேன். பிறகு ஆசிரியர்களிடமே கேட்டும், அதே வேலையை அவர்கள் முன்பு எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தும் மாற்றினேன்.

அறிக்கையைத் தாங்கியது கணக்கு ஆசிரியரின் கதை. 22 வருட அனுபவம். பத்தாம் வகுப்பு சிறப்பு வகுப்புகளை அவரிடம் விட்டுவிட்டு, தலைமையாசிரியர் கால அட்டவணையைக்கூடப் பார்க்கவில்லை. சரியாகவே நடந்தது. அதே மனிதரிடம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரம் ஏற்றும் வேலையையும் "நீங்க பாத்துக்கோங்க சார்" என்று கொடுத்தார். அவர் அந்தத் தளத்தைத் திறந்ததே இல்லை. கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். கடைசி நாளில் 31 மாணவர்களின் விவரம் பாக்கி. இன்னொரு ஆசிரியரை உட்காரவைத்து இரவு எட்டு மணிக்கு முடித்தார்கள். மாதிரி கேட்பது வேலைக்கேற்ற கணிப்பை. தலைமையாசிரியர் ஆளைக் கணித்துவிட்டார்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களை வைத்து வெக்கியோ என்ற ஆய்வாளர் 1987இல் இந்த மாதிரியைச் சோதித்திருக்கிறார். நெருக்கமாக வழிகாட்ட வேண்டியவர்களிடம்தான் அது நன்றாகப் பொருந்தியது, தேர்ந்தவர்களிடம் அவ்வளவாக இல்லை. அதனால் எமிஸ் பற்றிய முடிவை உறுதியாக எழுதினேன். சிறப்பு வகுப்பு நன்றாக நடந்ததற்கு ஒப்படைத்ததே காரணம் என்ற வரியை மேடம் அடித்துவிட்டார், நியாயம்தான்.

பெயர்களை எடுத்துவிட்டுப் பிரதியைத் தலைமையாசிரியரிடம் காட்டினேன். எமிஸ் பக்கத்தில் நின்றுவிட்டார். "அவர் என்னைவிட ஏழு வயசு மூத்தவர் தம்பி. இங்க அமுக்குங்க, அங்க அமுக்குங்கன்னு நான் எப்படிச் சொல்ல?" என் ஐந்து கட்டங்களில் இதற்கு இடமில்லை. அவரிடம் கேட்டு, ஆறாவதாக ஒரு கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன்.