புதுப் போனில் பேங்க் ஆப் திறக்கவில்லை, ஒன்றரை நாள் அலைந்த கதை

குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. பால் வெட்டுபவர்களுக்குச் சனிக்கிழமை தோறும் கூலி கொடுப்பது என் போனில் இருந்துதான். போன மாதம் ஒரு வியாழக்கிழமை ஷீட் அடிக்கும் இடத்தில் போன் ஆசிட் கலந்த தண்ணீரில் விழுந்து அணைந்துவிட்டது. மார்த்தாண்டத்தில் புதுப் போன் வாங்கினேன். பழைய சிம்மைப் போட்டால் சிக்னலே வரவில்லை. அதனால் பக்கத்தில் இருந்த சிம் கம்பெனி கடையிலேயே கைரேகை வைத்து, அதே நம்பருக்குப் புது சிம் எடுத்தேன். சாயங்காலம் அஞ்சரைக்கு சிம் வேலை செய்தது, போன் பேசினேன், நெட்டும் வந்தது, சரி முடிந்தது என்று வீட்டுக்கு வந்தேன்.

ராத்திரி பேங்க் ஆப்பை ஏற்றினேன். எந்த சிம் என்று கேட்டது. இரண்டாவது சிம்மைத் தெரியாமல் தொட்டுவிட்டேன், உடனே இந்த நம்பர் பேங்கில் பதிவாகவில்லை என்று வந்தது. அப்புறம் சரியான சிம்மைத் தேர்ந்தெடுத்தால், சரிபார்க்க முடியவில்லை என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டது. மூன்று தடவை போட்டும் அதேதான். என் நம்பரையே பேங்கில் யாரோ மாற்றிவிட்டார்களோ என்று பயம், தூக்கமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு பிராஞ்சில் நின்றேன். கவுண்டரில் இருந்த மேடம் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, பதிவான நம்பரின் கடைசி நாலு இலக்கத்தை வாசித்தார்கள், என்னுடையதுதான். "நம்பர்ல தப்பு இல்ல சார், உங்க போன்ல இருந்து எங்களுக்கு மெசேஜ் வந்து சேரல" என்றார்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் அதுவரை ஓடிபி வரவில்லை என்றே நினைத்துக் கொண்டிருந்தேன். இங்கே நடப்பது தலைகீழ். ஆப் நம் சிம்மில் இருந்து பேங்குக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புகிறது. அது எந்த நம்பரில் இருந்து வந்தது என்று பார்த்து, கணக்கில் பதிவான நம்பரோடு பொருந்தினால்தான் அந்தப் போனைக் கணக்கோடு கட்டிப்போடுகிறார்கள். நம்பரை நாமே டைப் செய்து ஏமாற்ற முடியாது, சிம் அந்தப் போனுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மெசேஜ் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அங்கே கிடந்தது, அர்த்தமே இல்லாத எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான மெசேஜ், மூன்று தடவை, மூன்றின் கீழும் போகவில்லை என்று சிவப்புக் குறி. ரீசார்ஜில் எஸ்எம்எஸ் இல்லாமல் இருக்கும் என்று எஸ்எம்எஸ் உள்ள பேக் போட்டேன். மனைவிக்கு ஒரு சாதாரண மெசேஜ் அனுப்பிப் பார்த்தேன், அதுவும் போகவில்லை. அவள் அனுப்பியதும் எனக்கு வரவில்லை. "சிம் மாத்தினீங்களா?" என்று மேடம் கேட்டபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போவதும் இல்லை, வருவதும் இல்லை. திருட்டுத்தனமாக நம் நம்பருக்கு சிம் எடுப்பவன் உடனே பணத்தை உருவிவிடக் கூடாது என்று 2022-ல் தொலைத்தொடர்புத் துறை கொண்டு வந்த ஏற்பாடு அது. பேச்சும் நெட்டும் ஓடுவதால் நமக்குச் சந்தேகமே வராது. பேக்கில் எஸ்எம்எஸ் இல்லாவிட்டால் வருவது வரும், போவதுதான் போகாது. இரண்டு பக்கமும் அடைத்திருந்தால் சிம் மாற்றியதுதான் காரணம். கடையில் சிம் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு அந்தப் பயமும் அலைச்சலும் இருந்திருக்காது.

திரும்பும் வழியில் மொபைல் கடைத் தம்பி ஒருவன், "அண்ணே, அந்த மெசேஜைக் காப்பி பண்ணி என் போன்ல இருந்து அனுப்புவோம்" என்றான். நல்ல மனசில்தான் சொன்னான், ஆனால் அவன் சிம்மில் இருந்து போனால் அவன் நம்பர்தான் பேங்குக்குத் தெரியும், வேலைக்கு ஆகாது. இதையே திருப்பிப் போட்டால்தான் ஆபத்து. யாரோ ஒரு மெசேஜை அனுப்பி, உங்கள் சிம்மில் இருந்து இந்த நம்பருக்கு ஃபார்வேர்டு பண்ணுங்கள் என்று கேட்டால், அவன் போன் உங்கள் நம்பரோடு கட்டப்பட்டுவிடும். அப்படி ஒரு மெசேஜைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

அஞ்சரை தாண்டி, மனைவிக்கு மெசேஜ் போகிறதா என்று முதலில் பார்த்தேன். போனது. வைஃபையை அணைத்து, அந்த சிம்மின் நெட்டிலேயே ஆப்பைத் திறந்தேன், அரை நிமிடத்தில் சரிபார்த்துவிட்டது. டெபிட் கார்டு விவரமும் ஏடிஎம் பின்னும் கேட்டது, ஆப்புக்குப் புதுப் பின் வைத்தேன். இனி பழைய போன் உயிர் பெற்றாலும் அதில் ஆப் திறக்காது.

ஆனால் புதுப் போன் என்பதால் யூபிஐயில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. நாலு பேர் கூலி அதில் அடங்காது. சனிக்கிழமை காலை ஏடிஎம்மில் எடுத்து, எல்லோருக்கும் கையில் எண்ணிக் கொடுத்தேன்.